இரண்டு மணி நேரத்துக்குள் ஆள் வரும்

நான் ஏழாம் வகுப்பைத் தாண்டாதவன். அதை யாரிடமும் மறைத்ததில்லை. திண்டுக்கல்லில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைக்கப் போகிறேன் என்றபோது என் சொந்த அண்ணனே சிரித்தான். வைத்தேன். ரேடியோ ஓய்ந்து டிவி வந்தபோது, சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல், ஒரு பழைய டிவியை விலைக்கு வாங்கிப் பிரித்துப் போட்டு நானே கற்றுக்கொண்டேன். தொண்ணூறுகளில் கரண்டு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்த காலத்தில் சொந்தமாக ஸ்டெபிலைசர் கட்டி விற்றேன். பூட்டுக் கடை, தோல் கிட்டங்கி, நூல் மில் ஆபீஸ் என்று என் கையால் சுற்றிய காயில் இல்லாத கட்டடம் அப்போது ஊரில் குறைவு. அப்புறம் யுபிஎஸ். அதற்கும் அப்புறம் கம்ப்யூட்டர். இங்கிலீஷ் தெரியாதவன் கம்ப்யூட்டரில் என்ன கிழிப்பான் என்று கேட்டார்கள். ஆன் செய்ததும் அது எப்படிக் கூவுகிறது என்பதை வைத்தே மெமரி போச்சா, டிஸ்ப்ளே கார்டு போச்சா என்று சொல்லுவேன். அந்தக் கூவலுக்கு இங்கிலீஷ் எதற்கு? சித்தையன்கோட்டையிலிருந்து தொப்பம்பட்டி வரைக்கும் நான் கம்ப்யூட்டர் இறக்காத ஊர் எது என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு மகள்களைப் படிக்க வைத்தேன். மாடி வீடு கட்டினேன். யார் காலிலும் விழவில்லை.

இதையெல்லாம் ஊர் ஒத்துக்கொள்ளும். ஒத்துக்கொள்ளாத ஒன்று இருக்கிறது. சின்னச் சின்னக் கடைகளுக்கு மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒன்றை இந்தப் பக்கத்தில் கொண்டுவந்தவன் நான். அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் கடைக்காரர்கள் கம்ப்யூட்டரை அடுப்பங்கரை மிக்சி மாதிரி நினைத்தார்கள். ஓடுகிறவரை ஓடட்டும், நின்றால் ஆளைக் கூப்பிடுவோம். நின்றபின் கூப்பிட்டால் நான் போய் என்ன செய்வேன்? சாமானை மாற்றலாம். உள்ளே இருந்த கணக்கைக் கடையில் வாங்கி மாட்ட முடியுமா? இரண்டு மூன்று கடைகளில் இப்படி மொத்தமும் போய், கடைக்காரர் என்னைப் பார்த்து முழிக்க, நான் அவரைப் பார்த்து முழிக்க, மனசு கெட்டுப்போனது. நின்றபின் போகிற வைத்தியம் வேண்டாம், மாதாமாதம் போய்ப் பார்க்கிற வைத்தியம் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஜெராக்ஸ் மெஷின்காரர்கள் வருடத்துக்கு ஒரு ஒப்பந்தம் போடுவார்கள். ஆனால் அது மெஷினுக்கு மட்டும். நான் உள்ளே இருக்கிற கணக்குக்கும் சேர்த்துப் போட்டேன்.

என் கடையில் பி.சி.ஏ. படித்த ஒரு பெண் வேலை பார்த்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் டைப் அடித்தாள். ஒரே பக்கம், தமிழில். முதலில் புதுப்பிப்பு: மாதம் ஒரு முறை வைரஸ் தடுப்பைப் புதுசாக்குவது, பில் போடும் புரோகிராமில் புது மாற்றம் வந்தால் ஏற்றுவது, எதை ஏற்றினாலும் அதற்கு முன்னால் ஒரு நகல் எடுத்துக்கொண்டுதான் ஏற்றுவது. இரண்டாவது நகல்: ஒவ்வொரு சனிக்கிழமையும் கடையின் மொத்தக் கணக்கையும் புரோகிராமோடு சேர்த்து இரண்டு சிடியில் எடுப்பது, ஒன்று கடையில், ஒன்று எங்களிடம். "ரெண்டும் ஒரே எடத்துல இருந்தா ஒரே தீயில ரெண்டும் போகும்" என்று நான் சொன்னேன்; அவள் அதை நாகரிகமாக எழுதினாள். மாதம் ஒரு தடவை அந்த சிடியை வேறொரு மெஷினில் போட்டுத் திறந்து பார்ப்பது. எடுத்து வைத்தால் மட்டும் ஆச்சா? திறக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? நகல் எங்களிடம் இருந்தாலும் அது கடைக்குச் சொந்தம், கேட்டபோது கொடுப்போம் என்று ஒரு வரி. கணக்கை நான் அமுக்கிக்கொள்வேன் என்று யாரும் பயப்படக் கூடாது பாருங்கள். மூன்றாவதாக, பில் நின்றால் போன் செய்த இரண்டு மணி நேரத்துக்குள் ஆள் நேரில் வரும். பிரிண்டர் மாதிரி சில்லறைக் கோளாறு என்றால் மறுநாள். சாமான் விலை தனி.

அந்தப் பெண் கடைசியில் "விடுமுறை நாட்கள் நீங்கலாக" என்று சேர்த்திருந்தாள். பேனாவை எடுத்து அடித்துவிட்டேன்.

"ஐயா, நாளைக்கு நமக்கே கஷ்டம்" என்றாள்.

"கடைக்காரனுக்கு லீவு நாள்லதான்மா யாவாரம்" என்றேன்.

முதல் ஆளாகக் கொண்டுபோனது சின்னாளபட்டியில் ஒரு சேலைக் கடைக்கு. தறிக் குடும்பம். சொந்தத் தறி கொஞ்சம், ஊரில் மற்ற தறிகளிலிருந்து வாங்குவது கொஞ்சம். சுங்குடியும் பருத்திச் சேலையும். கடையைத் தம்பி நடத்தினான். அக்கா கல்யாணமாகி அதே தெருவில் இருந்தாள், தறிகளிலிருந்து வரும் சரக்கைப் பார்த்து விலை வைப்பது அவள்தான். அவள் சொல்லாமல் அந்தக் கடையில் ஒரு முடிச்சு அவிழாது. நான்தான் அங்கே கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு சேலைக்கும் ஒரு ஸ்டிக்கர், ஸ்டிக்கரில் ஒரு நம்பர், அவ்வளவுதான். அந்த நம்பருக்கு எந்தத் தறி, எந்த ரகம், என்ன விலை என்பதெல்லாம் உள்ளே இருக்கும். முன்னே துண்டுச்சீட்டில் எழுதிக் குத்திவைத்த விலையைத் தூக்கிப் போடச் சொன்னவனும் நான்தான்.

கடைக்காரன் என் பக்கத்தைப் படித்துவிட்டுச் சிரித்தான்.

"ஏண்ணே, நல்லா ஓடுற மெஷினுக்கு மாசாமாசம் வைத்தியமா? ஒங்களுக்கு மாசக் காசு வேணும்னா நேரா கேளுங்கண்ணே."

"நேரா கேட்டா குடுப்பியா?"

"மாட்டேன்."

"அதான் எழுதிக் கொண்டாந்தேன்."

அக்கா தாளை வாங்கிப் பார்த்தாள். "ரெண்டு மணி நேரத்துல வந்துருவீகளா? நாளு கெழமைன்னாலும்?"

"நாளு கெழமைன்னாலும் வருவேம்மா."

"அத எழுதிக் குடுங்க" என்றாள். அங்கேயே, அவர்கள் பேனாவிலேயே, "நாள் கிழமையானாலும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கடைக்காரன் ஒரு கிடுக்கி போட்டான். "தீபாவளி வரைக்கும் பாப்போம்ணே. சரியா வந்தா தொடர்ந்து போடுவோம். இல்லைன்னா மெஷினையும் நீங்களே தூக்கிட்டுப் போயிருங்க." அந்தத் தெருவில் இன்னும் நாலு கடைக்காரர்கள் என் தாளை வாங்கி வைத்துக்கொண்டு, இவன் என்ன சொல்கிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவன் சரி என்றால் ஐந்து கடை. இவன் வேண்டாம் என்றால் என் திட்டம் பிறந்த வீட்டிலேயே செத்தது. அதுதான் நிலைமை.

சனிக்கிழமை தவறாமல் போனேன். மழை பெய்த சனிக்கிழமையும் போனேன். ஒரு சிடியை அக்கா கையில் கொடுத்து, "இது ஒங்க கடையோட உசுரு, பத்திரம்" என்று சொல்லுவேன். அவள் அதைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொள்வாள். அந்த ஒற்றலை நான் அப்போது பெருமையாகத்தான் பார்த்தேன்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் கடையில் வழக்கம்போல ஸ்குரூடிரைவர், சால்டரிங் அயர்ன், மீட்டர், சிடிப் பெட்டி, ஒரு மெஷின் விடாமல் கழுவித் துடைத்துப் படத்துக்கு முன்னால் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, மத்தியானமே பூஜையை முடித்தோம். சாமி முன்னால் வைத்ததை மறுநாள் காலையில் மறுபூஜை போட்ட பிறகுதான் தொட வேண்டும். என் வீட்டுக்காரி அந்த விஷயத்தில் கறார். வேலை ஆட்களை அனுப்பிவிட்டுப் பொரியும் சுண்டலும் தின்றுகொண்டிருந்தேன். போன் வந்தது.

"அண்ணே, மெஷின் வெடிச்சிருச்சு."

கடைக்காரன் குரல் உடைந்திருந்தது. பின்னால் யாரோ அழுகிற சத்தம்.

"வெடிக்கிறதுன்னா?"

"டப்புன்னு சத்தம், பொகை. நாளைக்குக் காலையில ஏழரைக்கு மொதப் பில்லு போடணும்ணே. கம்பத்துல இருந்து யாவாரி வந்துருவாரு, வருசா வருசம் விஜயதசமிக்கு மொதப் பில்லு அவருதுதான். கடைபூராம் ஸ்டிக்கரு ஒட்டிக் கெடக்கு, ஒண்ணுக்கும் வெலை தெரியாது. நாளு கெழமைன்னாலும் வருவேன்னீகள்ல? வாங்க."

வைத்துவிட்டான்.

எழுந்து சாமான்களை எடுக்கப் போனேன். வீட்டுக்காரி குறுக்கே வந்து நின்றாள்.

"எங்க கைய வக்கிறீக?"

"ஒரு ஸ்குரூடிரைவர் மட்டும்."

"விடிஞ்சதும் எடுத்துக்கங்க."

"விடிஞ்சா என் பொழப்பு போயிரும்டி. பஸ் டிரைவரு பூசை போட்டுட்டு வண்டி எடுக்கலையா? இன்னைக்கு ரோட்டுல வாழைமரம் கட்டுன பஸ்ஸெல்லாம் ஓடுதுல்ல?"

"அவுக எலுமிச்சம்பழம் வச்சு உத்தரவு வாங்கிட்டு எடுக்குறாக. நீங்க சுண்டல் தின்ன கையோட எடுக்க வாரீக. பொழப்ப குடுத்ததே அந்த ஆத்தாதான், அவ முன்னால வச்சத எடுத்தா பொழப்பு நிக்குமா?"

அவளிடம் வாதாடினால் இரண்டு மணி நேரமும் அங்கேயே தீர்ந்துவிடும். மொபெட்டை எடுத்துக்கொண்டு நேராக ஒரு சிநேகிதன் வீட்டுக்குப் போனேன். மாதா கோயில் பக்கம் அவன் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான், கிறிஸ்தவக் குடும்பம். ஊரில் அன்றைக்குப் பூஜையில் இல்லாத ஸ்குரூடிரைவர் அவனிடம்தான் இருக்கும் என்று எனக்கு அந்த அவசரத்திலும் பொறி தட்டியது. அதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"என்னப்பு, பொரி கொண்டாந்தியா?" என்றான்.

"பொரி நாளைக்கு. இப்ப எனக்கு ஸ்குரூடிரைவர் வேணும், ஒரு சிபியு வேணும். சிடி எழுதுற டிரைவ் உள்ளதா குடு."

"முழுசாவா? எங்கிட்ட இருக்கதே ஆறு."

"நாளைக்குச் சாயந்தரம் திருப்பிக் கொண்டாந்துருவேன்."

அவன் ஒரு மெஷினின் ஒயர்களைப் பிடுங்கித் தூக்கிக் கொடுத்தான். கயிறு போட்டு மொபெட் பின்னால் கட்டினோம். "இது ஞானஸ்நானம் பண்ணுன மெஷினு, பாத்துக்க" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரோடெல்லாம் பூசணிக்காய் உடைத்துக் கிடந்தது. அதில் சறுக்காமல், பின்னால் மெஷினும் ஆடாமல் சின்னாளபட்டி போய்ச் சேர்வதற்குள் முதுகு நனைந்துவிட்டது.

கடை வாசலில் கடைக்காரன் சுவர்க் கடிகாரத்துக்கு நேராக நின்றுகொண்டிருந்தான். நேரம் இன்னும் மிச்சமிருந்தது. அதை அவன் வாயால் சொல்லவில்லை. தெருவில் நின்ற மற்ற கடைக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். அது போதும் எனக்கு.

உள்ளே போனதும் நடந்தது புரிந்தது. கம்ப்யூட்டருக்கும் பூஜை போட்டிருக்கிறார்கள். திரையில் சரஸ்வதி படம் தெரியட்டும் என்று ஓடவிட்டு, முன்னால் விளக்கேற்றி, அக்கா செம்பில் மஞ்சள் தண்ணீர் எடுத்து மாவிலையால் எல்லாச் சாமானுக்கும் தெளித்த மாதிரி இதற்கும் தெளித்திருக்கிறாள். இரண்டு தெளி அல்ல, தறிக்குத் தெளிக்கிற மாதிரி தாராளமாக. தண்ணீர் பின்பக்க ஓட்டை வழியாகப் பவர் சப்ளைக்குள் போய்விட்டது. அக்கா ஓரத்தில் முந்தானையால் வாயைப் பொத்தி உட்கார்ந்திருந்தாள்.

"நல்லது நடக்கட்டும்னுதானேண்ணே தெளிச்சேன்" என்றாள்.

"மெஷினுக்குக் குளிரு தாங்காதும்மா" என்றேன். வேறென்ன சொல்வது?

பிரித்தேன். பவர் சப்ளை கருகியிருந்தது. அது போகும்போது மதர்போர்டையும் இழுத்துக்கொண்டு போயிருந்தது. ஹார்ட் டிஸ்கைக் கழற்றிச் சிநேகிதன் மெஷினில் மாட்டிப் பார்த்தேன். சுற்றவில்லை. காதை வைத்துக் கேட்டேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

கடைக்காரன் என் முகத்தைப் பார்த்தான். "போச்சா?"

"டிஸ்க்கு போச்சு. கணக்கு போகல. சிடி குடு."

அக்கா எழுந்து ஓடிப்போய்ப் பூஜைத் தட்டிலிருந்து சிடியை எடுத்து வந்தாள். அது சந்தனமும் குங்குமமுமாக இருந்தது. சந்தனம் என்றால் கழுவலாம், பரவாயில்லை என்று துணியை நனைத்துத் துடைத்தேன். சந்தனம் போனதும் சிடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பளபளப்புப் பக்கம் பூராவும் கோடு கோடாக, சட்டி விளக்கிய மாதிரி.

"இத என்னம்மா பண்ணுனீக?"

"காலையில குத்துவிளக்கு, தாம்பாளமெல்லாம் வெளக்குனேன்ல, அதோட இதையும் புளி போட்டு வெளக்குனேண்ணே. கடையோட உசுருன்னு நீங்கதான சொன்னீக. அழுக்கா எப்புடி சாமிகிட்ட வைக்கிறது?"

தேங்காய் நார் போட்டுத் தேய்த்திருக்கிறாள். மெஷினில் போட்டேன். உள்ளே சிடி கரகரவென்று சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. கொஞ்சம் கோப்புகளின் பெயர் தெரிந்தது. நகல் எடுக்கப் போனால் பாதியில் நின்றது. எடுத்துத் துடைத்து மறுபடி போட்டேன். அதே இடத்தில் நின்றது.

அதுவரை அடக்கி வைத்திருந்த கடைக்காரன் அப்போது வெடித்தான். "உங்க வைத்தியம் போதும்ணே! துண்டுச்சீட்டுல எழுதி குத்தி வச்சிருந்தோம், நல்லாத்தான் இருந்துச்சு. ஸ்டிக்கரு ஒட்டு ஸ்டிக்கரு ஒட்டுன்னு ஒட்ட வச்சீக. இப்ப இத்தனை சேலைக்கும் நான் என்ன வெலை சொல்வேன்? கம்பத்துக்காரரு நாளைக்கு வந்து நிப்பாரு, மொதப் பில்லு இல்லைன்னு அவரத் திருப்பி அனுப்பவா? தூக்கிட்டுப் போங்க ரெண்டு மெஷினையும்!"

வாசலில் நின்ற நாலு கடைக்காரர்களும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் தன் சட்டைப் பையில் இருந்த என் தாளை எடுத்து மடித்து விசிறிக்கொண்டார்.  நான் குரலை ஏற்றவில்லை.

"இன்னொண்ணு இருக்கு" என்றேன். "எங்க கடையில. பூசையில."

போன் போட்டேன். வீட்டுக்காரி எடுத்தாள். "சிடிப் பெட்டியில இவுக கடை சிடி இருக்கு, அத எடுத்துத் தரணும், நான் வாரேன்" என்றேன். "காலையில" என்றாள். காலையில் என்றால் மறுபூஜை முடிந்து, திண்டுக்கல்லிலிருந்து கொண்டுவந்து, ஏற்றி முடிக்க ஏழரையைத் தாண்டிவிடும். நான் கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன்; தொழிலுக்காகக் கெஞ்சுவதில் எனக்கு வெட்கமில்லை. அவள் அசையவில்லை. அப்போது அக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"அக்கா, நாந்தான் தண்ணி தெளிச்சேன். சாமிக்குச் செஞ்சது இப்படி ஆயிருச்சு. சாமி முன்னால இருக்கத எடுக்கச் சொல்லி நான் எப்புடிக் கேப்பேன்? ஆனா எடுக்கலைன்னா எந் தம்பி கடை நாளைக்கு நிக்குமே..." என்று ஆரம்பித்துத் தேம்பினாள்.

நான் போனுக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டேன்.  வீட்டுக்காரி, "அந்தத் தாளுல என்ன எழுதியிருக்கு? அந்தச் சிடி யாரோடது?" என்று கேட்டாள்.

அக்கா அதைத் திருப்பிச் சொல்ல, கடைக்காரன் தாளை எடுத்துப் போனுக்குக் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தான்: "எங்களிடம் உள்ள நகல் கடைக்கே சொந்தம், கேட்டபோது கொடுக்கப்படும்."

"அப்ப அது நம்ம ஆயுதம் இல்ல" என்றாள் வீட்டுக்காரி. "அடுத்தவுக பொருளு. அடுத்தவுக பொருள அவுக கேக்கும்போது சாமிய காட்டி வச்சுக்கிறது பாவம். ஒரு எலுமிச்சம்பழத்த வச்சுக் கும்புட்டுட்டு எடுத்துட்டு வாரேன். அவர வர வேணாம்னு சொல்லு, சுண்டல் தின்ன கையோட தொட்டுறப் போறாரு."

அவளே பஸ் ஏறி வந்தாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு மஞ்சப் பையில் சிடியைச் சுற்றி, நெற்றியில் புதுக் குங்குமத்தோடு கடைக்குள் நுழைந்தாள். சிடியை என்னிடம் தரவில்லை. அக்கா கையில் கொடுத்தாள். "ஒங்க பொருளு, வாங்கிக்க" என்றாள். அக்கா கண்ணில் ஒற்றப் போனாள்.

"ஒத்தாத தாயி, ஓரத்தப் பிடி!" என்று நான் கத்தினேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அன்றைக்கு அந்தக் கடையில் முதல் சிரிப்பு.

சிடி திறந்தது. திறக்கும் என்று எனக்குத் தெரியும். போன சனிக்கிழமை எடுத்த கையோடு அதற்கு மாதச் சோதனையும் போட்டிருந்தேன். கணக்கும் புரோகிராமும் ஒரே போல்டரில் இருந்ததால் அப்படியே இறங்கியது. சேலை நம்பர் ஒன்றைத் தட்டினேன்: தறி வந்தது, ரகம் வந்தது, விலை வந்தது. கடைக்காரன் நாற்காலியில் உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்ததை அப்போதுதான் பார்த்தேன். அதுவரை நின்றே இருந்திருக்கிறான்.

வேலை அதோடு முடியவில்லை. நகல் சனிக்கிழமையோடு சரி. அதற்குப் பிறகு போட்ட பில்லும், தறிகளிலிருந்து வந்த புதுச் சேலையும் அதில் இல்லை. இதை நான் ஒளிக்காமல் சொன்னேன். பில்லுக்குப் பிரிண்டர் இரட்டைத் தாளில் அடித்த கடைப் பிரதி இருந்தது. அதைப் பார்த்து நான் தட்டினேன். புதுச் சேலைக்குத்தான் வழியில்லை. நம்பர் இருக்கிறது, விலை எங்கே?

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டுகளை அவிழ்த்தாள். "நம்பரச் சொல்லுங்கண்ணே." நான் சொன்னேன். அவள் சேலையை விரித்து ஒரு தடவை தடவினாள். "இது மேலத்தெருத் தறி. வெலை போட்டது நாந்தான்" என்று விலையைச் சொன்னாள். அடுத்தது. அடுத்தது. வீட்டுக்காரி கட்டுகளை எடுத்துக் கொடுத்தாள், கடைக்காரன் மடித்து வைத்தான். ராத்திரிச் சாப்பாட்டு வேளைக்குள் தீர்ந்தது. அன்றைக்கே புதுசாக இரண்டு சிடி எடுத்தேன். ஒன்றை வீட்டுக்காரியின் மஞ்சப் பையில் போட்டேன்.

காலையில் மறுபடி போனேன். மறுபூஜை போட்டார்கள், இந்தத் தடவை ஒயரைப் பிடுங்கி, போர்வை போர்த்திவிட்டுத்தான். கம்பத்து வியாபாரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். கடைக்காரன் நம்பரைத் தட்டினான். பிரிண்டர் கொஞ்ச நேரம் யோசித்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு எத்தனை சாமி பேர் ஞாபகம் வந்தது என்று எனக்கே தெரியாது. பிறகு கிரீச்சென்று தலையை இழுத்துக்கொண்டு அடித்தது. ஏழரைக்கு முன்னால் முதல் பில் வெளியே வந்தது. வியாபாரி அதற்கு முந்தின நாள் நடந்த எதுவும் தெரியாமல், "மை மங்கலா இருக்கே, ரிப்பனை மாத்தக் கூடாதா?" என்றார்.

கடைக்காரன் தீபாவளி வரைக்கும் காத்திருக்காமல் என் தாளை எடுத்து அக்காவைப் பார்த்தான். "கையெழுத்துப் போடவா?"

"போடு. ஆனா அண்ணே, ஒரு வரி சேருங்க. பூசை அன்னைக்கு மெஷின என்ன செய்யணும்னு எழுதுங்க. எனக்குத் தெரிஞ்சா நான் தெளிச்சிருப்பேனா?"

எழுதினேன். பூஜை நாளில் கம்ப்யூட்டரை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, துணி போர்த்திய பிறகே தண்ணீர் தெளிக்க வேண்டும். சிடியைக் கழுவவோ விளக்கவோ கூடாது. அதற்குப் பிறகு நான் கொடுத்த ஒவ்வொரு தாளிலும் அந்த வரி இருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே மற்ற நாலு கடைகளும் கையெழுத்துப் போட்டன. அப்புறம் திண்டுக்கல், தாடிக்கொம்பு என்று எத்தனையோ கடைகள். என் தாளைப் பார்த்து அப்படியே நகலெடுத்து, பேரை மட்டும் மாற்றிக் கொடுத்தவர்களையும் எனக்குத் தெரியும். பூஜை வரி உட்பட.

சில வருஷம் கழித்து அந்தக் கடை மூன்று மாடி ஆனது. திறப்பு விழாவுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். கடைக்காரன் மைக்கைப் பிடித்து அந்த ஆயுத பூஜைக் கதையைச் சொன்னான். அம்பாள் காப்பாற்றினாள் என்றான். என் வீட்டுக்காரி பஸ் ஏறி வந்ததைச் சொல்லி அவளை மேடைக்குக் கூப்பிட்டுச் சேலை கொடுத்தான். மெஷின் கொடுத்த சிநேகிதனுக்குச் சால்வை. விலையெல்லாம் மனசில் வைத்திருந்த அக்காவுக்குக் கைதட்டல். கோயம்புத்தூரிலிருந்து புதுசாக வந்த சாப்ட்வேர் கம்பெனிக்குச் சுவரில் பித்தளைப் பலகை. நான் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். எல்லோரும் தகுதியானவர்கள்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அம்பாள் முன்னால் அந்த இரண்டாவது சிடி எப்படிப் போய் உட்கார்ந்தது? வீட்டுக்காரி எடுத்து வருவதற்கு ஒரு பொருள் இருந்ததே, அதை சனிக்கிழமை தவறாமல் எடுத்து வைத்தது யார்? அது கடைக்கே சொந்தம் என்று எழுதச் சொன்னது யார்? நாள் கிழமையானாலும் வருவேன் என்று கையெழுத்துப் போட்டு, பூசணிக்காய் ரோட்டில் மெஷினைக் கட்டிக்கொண்டு வந்தது யார்?

அந்தத் தாள் இன்னும் அந்தக் கடையில்தான் இருக்கிறது. கல்லாவுக்குப் பின்னால், கண்ணாடி போடாமல். அதற்குக் கண்ணாடி போட வேண்டும். பித்தளைப் பலகைக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும். அதன் கீழே, இதை எழுதியவர் என்று, வேறு யார் பேரும் சேர்க்காமல், என் பேரைப் போட வேண்டும். இதை நான் தயவாகக் கேட்கவில்லை. என் பங்கை எனக்குக் கொடுங்கள் என்று கேட்கிறேன்.